திருவுக்கும் திருமதிக்கும் நடுவில்

பொது மருத்துவமனையின் நிர்வாகக் கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை இருக்கிறது. ஆறடிக்கு எட்டடி. ஒரு மேஜை, ஒரு இரும்பு பீரோ, பசைப்புட்டி, சின்னத் தராசு, தேதி முத்திரை. மேலே யாராவது தடதடவென்று படியிறங்கினால் மேஜையில் இருக்கும் பேனா தானாக உருண்டு கீழே விழும். கதவில் 'தபால் பிரிவு' என்று எழுதியிருந்தாலும் அப்படிக் கேட்டால் வாட்ச்மேன் தலையைச் சொறிவார். 'அடைமொழியார் ரூம்' என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்.

அடைமொழியாருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இருபத்தேழு வருடமாக அவர் செய்த வேலை, அடுத்தவர் பெயருக்கு முன்னால் என்ன போடுவது, பின்னால் என்ன போடுவது என்பதுதான். திருவா, திருமதியா, செல்வியா, டாக்டரா, முனைவரா, மாண்புமிகுவா, வெறும் மதிப்பிற்குரியவா. இதில் ஒன்று மாறினாலும் ஆஸ்பத்திரியின் மானம் கப்பலேறிவிடும் என்று அவர் மனதார நம்பினார். மற்றவர்கள் அப்படி நம்பவில்லை. ஆனால் உறை எழுத வேண்டி வந்தால் எல்லோரும் அவரிடம்தான் வந்து நின்றார்கள்.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. அகர வரிசை, ஓரத்தில் எழுத்துக்கொன்றாக வெட்டிய படிகள், எல்லாம் கச்சிதம். உள்ளே இப்படி இருக்கும்: 'ஓய்வு பெற்ற நீதிபதி. முன்னாள் என்று போட்டால் கோபம். ஓய்வு என்று போட்டால் பாதகமில்லை.' 'பல் மருத்துவர். கணவரும் மருத்துவர். ஒரே உறையில் இருவரையும் போடக்கூடாது. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.' 'கல்லூரி ஆசிரியர். ஜூன் வரை திரு. ஜூனில் பட்டம் வாங்கிவிட்டார். இனி முனைவர். மறந்தால் அவரே போன் செய்வார்.'

அக்கம்பக்கத்தில் கல்யாணம் என்றால் பத்திரிகைக் கட்டு முதலில் அவர் வீட்டுக்குத்தான் வரும். ஒருமுறை நகராட்சிப் பொறியாளர் ஒருவருக்கும் அவருடைய கணவருக்கும் சேர்த்து உறை எழுத வேண்டியிருந்தது. கணவருக்கு இரும்புக் கடை. ஊரே கணவர் பெயரை முதலில் போட்டுக்கொண்டிருந்தபோது, பதவியில் இருப்பவர் மனைவிதான் என்று சொல்லி அவர் பெயரை முதலில் போட்டார் அடைமொழியார். இரும்புக் கடைக்காரர் கல்யாணத்துக்கு வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். 'ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சாரே, கோவமா இருந்தா குடிப்பாரா' என்று அடைமொழியார் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

இதெல்லாம் நல்ல குணம்தான். கெட்ட குணம் ஒன்றே ஒன்று இருந்தது. யாரையும் கேட்க மாட்டார்.

"கேட்டு எழுதறதுக்கு எதுக்கு ஒரு பிரிவு? யாரு வேணா எழுதலாமே," என்பார். உறையைப் புரட்டுவார். கையெழுத்தின் சாய்வைப் பார்ப்பார். தபால்தலை நேராக ஒட்டியிருக்கிறதா, பசை ஓரத்தில் வழிந்திருக்கிறதா என்று பார்ப்பார். கண்ணை மூடி ஒரு நிமிடம் இருந்துவிட்டு, "அம்மையீர்" என்பார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்தப் பத்தாவது ஆள் பெரும்பாலும் பெருந்தன்மையானவராக இருந்துவிடுவார். அதனால் அவருடைய கீர்த்திக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டில் அவரை மதிக்காத ஒரே ஆள் அவருடைய அக்கா. அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவர். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, அச்சில் உட்கார்ந்திருக்கும் கொசுவைக்கூடப் பிழை என்று வட்டம் போடக்கூடியவர். அவரைக் கட்டியவர் கல்யாணமான மூன்றாம் வருடம் வேலை தேடி வெளியூர் போனார். போனவர் போனவர்தான். அக்கா நாலு பேரிடம் விசாரித்தார், ஒரு வருடம் பார்த்தார், பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டார். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, தம்பியும் கேட்டதில்லை. அக்காவின் ஓய்வூதிய மனு, வங்கிக் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் அடைமொழியாரே தன் முத்து முத்தான கையெழுத்தில் 'திருமதி' என்று தொடங்கி எழுதித் தருவார். அக்கா வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொள்வார்.

நாலு வருடத்துக்கு முன் அக்காவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரியிலேயே தம்பிக்கு வேலை, ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு மெஷின் இல்லை. பக்கத்துப் பெரிய ஊருக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம் போக வேண்டும். அங்கே நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். பிறகு மூன்று மணி நேரம் திரும்பி வர வேண்டும். வரும் வழியில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி தூங்கிப்போய், நெற்றியில் கம்பித் தடத்தோடு வந்து இறங்குவார். அடைமொழியாரின் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவார்.

"அங்க என்னை மூணாம் நம்பர்னுதான் கூப்பிடறாங்க," என்பார் அக்கா. "மூணாம் நம்பர் வந்தாச்சா, மூணாம் நம்பர் எடை பாத்தாச்சான்னு. ஒரு நாள் அந்த மெஷின் ரிப்பேரு. என்னை அஞ்சாம் நம்பர்ல போட்டாங்க. அன்னிக்கு முழுக்க நான் யாருன்னு எனக்கே தெரியல."

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். தம்பிக்குச் சிரிப்பு வராது. ஒரு மனிதரை நம்பரால் கூப்பிடுவதை நினைத்தால் அவருக்குப் பொறுக்காது.

இப்போது ஆஸ்பத்திரியில் பழைய கிடங்கை இடித்து நாலு மெஷின் போட்ட புது அறை வந்துவிட்டது. தரையில் வெள்ளை ஓடு, பின்னால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் எந்திரம், நாலு சாய்வுக் கட்டில். எல்லாம் தயார். ஆனால் தொடங்கக் கூடாது. மருத்துவ இயக்ககத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து, முக்கியமாக அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஏற்பாட்டைப் பார்த்து, சரி என்று எழுதித் தர வேண்டும். அவர் வருவதற்குத் தேதி கேட்டு, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையின் மூலத்தை இணைத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். அறிக்கைக்கு முப்பது நாள்தான் ஆயுள். முப்பது நாளுக்குள் கடிதம் உரியவர் கையில் சேராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. போன தடவை 'முதலிலிருந்து' என்று ஆனபோது எட்டு மாதம் போயிருந்தது.

இயக்ககத்திலிருந்து வந்த கடிதத்தில், 'கீழே கையொப்பமிட்டுள்ளவர் பெயருக்கு அனுப்புக' என்று இருந்தது. கீழே ஒரு முதலெழுத்து, ஒரு பெயர். ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள் என்கிற மாதிரியான பெயர். பதவி முத்திரை மையில் குளித்து ஒரு நீலக் கறையாக இருந்தது.

நிர்வாகக் கண்காணிப்பாளர் அம்மாள் பேச்சை வளர்க்காதவர். "முத்திரை தெரியலன்னா விடுங்க. 'ஆய்வுப் பிரிவுத் தலைவர்'னு பதவியைப் போட்டு அனுப்புங்க. போய்ச் சேந்துடும்," என்றார்.

அடைமொழியாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "மேடம், அவர் தலைவராத்தான் இருக்கணும்னு இல்ல. துணை இயக்குநரா உயர்ந்திருந்தா? நாம குறைச்சுப் போட்டோம்னா குடி முழுகிடும். பதவியப் போடறது, தெரியாதவங்க செய்யறது மேடம்."

"நமக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும்," என்றார் அடைமொழியார்.

கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசி எழுத்தின் வால் கீழே இழுத்திருந்தது. அழுத்தம் அதிகம். 'திரு.' என்று முடிவு கட்டினார். பெயர், கீழே இயக்ககத்தின் முகவரி. பதவியே இல்லை. அறிக்கை வந்த இரண்டாம் நாள் அனுப்பினார்.

பதினோராம் நாள் உறை திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியிருந்தது. உள்ளே கடிதத்தின் மேல் ஒரே வரி: 'இக்கடிதம் எனக்குரியதல்ல.'

"அப்ப திருமதிதான்," என்றார் அடைமொழியார். அசந்துபோனது போலக் காட்டிக்கொள்ளவில்லை. "திருன்னு போட்டதுல மனசு நொந்துபோய்த் திருப்பிட்டாங்க. நியாயம்தான்." 'பொறுத்தருள்க' என்று ஒரு வரி சேர்த்து, 'திருமதி' என்று போட்டு அன்றே மறு தபாலில் சேர்த்தார்.

இருபதாம் நாள் அதுவும் திரும்பியது. அதே வரி: 'இக்கடிதம் எனக்குரியதல்ல.' கொஞ்சம் அழுத்தமாக எழுதியிருந்த மாதிரி அவருக்குப் பட்டது.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அக்கா, படிக்கட்டு அறையில் தம்பிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். மணி ஒன்றரை. இன்னும் பத்து நாள்.

"திருவும் இல்ல, திருமதியும் இல்ல," என்று புலம்பினார் தம்பி. "செல்வியா இருக்கணும். இல்லன்னா டாக்டரா இருக்கணும். ரொம்பக் கோவக்காரர்க்கா. மொத தடவை மரியாதையாச் சொன்னார். ரெண்டாவது தடவை பாரு, எழுத்தெல்லாம் எப்படி விறைச்சுக்கிட்டு நிக்குது."

"குடு பாப்போம்," என்று கையை நீட்டினார் அக்கா.

கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. திரும்பி வந்த இரண்டு தாளையும், இயக்ககத்தின் முதல் கடிதத்தையும் மேஜையில் வரிசையாக வைத்தார். ஒரு எழுத்தை எடுத்துக்கொண்டு மூன்றிலும் தேடினார். முப்பது வருடப் பழக்கம், பென்சில்கூட எடுத்துவிட்டார்.

"இது கோவமும் இல்ல, ஒண்ணும் இல்லடா. இது மூணு ஆளு."

"என்னக்கா சொல்ற?"

"இதோ 'ர' பாரு. இவரு மேலேர்ந்து போடறாரு. இது கீழேர்ந்து வருது. கையெழுத்துப் போட்டவரு இழுக்கற மாதிரி இந்த ரெண்டு பேரும் இழுக்கல. நீ லெட்டர் போட்டது அவருக்கே போய்ச் சேரல. வேற யாருக்கோ போயிருக்கு. அவங்க எனக்கில்லைன்னு உண்மையச் சொல்லியிருக்காங்க. பாவம், நீ அவங்ககிட்ட மன்னிப்பு வேற கேட்டிருக்க."

அடைமொழியார் பசைப்புட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"லெட்டர் மேலயே போன் நம்பர் இருக்கு," என்றார் அக்கா.

"போன் பண்ணி என்னன்னு கேக்கறது? நீங்க ஆம்பளையா பொம்பளையான்னா?"

"எப்படி எழுதணும்னு கேளு. வாய் விட்டுக் கேட்டா வாய் ஒண்ணும் கழண்டு விழுந்துடாது."

"இருபத்தேழு வருஷத்துல நான் ஒருத்தரையும் கேட்டதில்லக்கா."

"தெரியும். உன் இருபத்தேழு வருஷத்தக் காப்பாத்தறதுக்கு நான் இன்னும் எட்டு மாசம் பஸ்ஸுல போறேன். நல்ல காத்து வரும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். சொல்லும்போது ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போயிருந்த இடது கையை வலது கையால் மூடிக்கொண்டிருந்தார். அடைமொழியார் அந்தக் கையைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. போனை எடுத்தார்.

இரண்டு தடவை எண்ணைச் சுழற்றி, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டார். மூன்றாம் தடவை அக்கா போனைப் பிடுங்கி எண்ணைப் போட்டுக் கையில் கொடுத்தார். யாரோ எடுத்து, யாருக்கோ மாற்றி, கடைசியில் ஒரு குரல் வந்தது.

"தபால் பிரிவு. சொல்லுங்க."

இங்கேதான் அவருடைய நேரம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். அந்தக் குரல் தடிப்பாகவும் இருந்தது, மென்மையாகவும் இருந்தது. சளி பிடித்த பெண்ணாகவும் இருக்கலாம், சாந்தமான ஆணாகவும் இருக்கலாம். உறையைப் பார்த்தே ஆளைச் சொல்பவருக்கு, காதோடு பேசிக்கொண்டிருக்கும் ஆளைச் சொல்ல முடியவில்லை.

"வணக்கம். நானும் தபால் பிரிவுதான்," என்றார். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். "அது வந்து... தாங்கள்... அதாவது அங்க..."

"ஓ, தண்ணி ரிப்போர்ட்டா? ரெண்டு வாட்டி வந்து ரெண்டு வாட்டி திரும்பிப் போச்சே."

"ஆமா. அதான். அதுல ஒரு சின்ன... எப்படிச் சொல்றது... தங்களை..."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க பேச ஆரம்பிச்சதுலேர்ந்து என்னை சாருன்னும் கூப்பிடல, மேடம்னும் கூப்பிடல," என்றது குரல். "தெரியலையா?"

அடைமொழியார் கண்ணை மூடினார். "தெரியலைங்க," என்றார்.

"பரவால்ல. அந்த 'ங்க' போதும், அதையே வெச்சுக்கோங்க. விஷயத்தச் சொல்லுங்க."

ஒரு வார்த்தை சொன்னதும் மீதி எல்லாம் மளமளவென்று வந்துவிட்டது. பெயர் மட்டும் தெரியும், முத்திரை தெரியவில்லை, திரு போட்டேன், திருமதி போட்டேன், அறிக்கைக்கு இன்னும் பத்து நாள்தான் என்று ஒரே மூச்சில் கொட்டினார்.

"அந்தப் பேருல எங்க கட்டடத்துல மூணு பேரு," என்றது குரல். "ஸ்டோர்ல ஒரு திரு. நூலகத்துல ஒரு திருமதி. மூணாவது நீங்க தேடறவங்க. மூணு பேருக்கும் முதலெழுத்துகூட ஒண்ணுதான். நீங்க திருன்னு போட்டீங்க, ஸ்டோருக்குக் குடுத்தேன். திருமதின்னு போட்டீங்க, நூலகத்துக்குக் குடுத்தேன். வேற என்ன செய்யறது?"

"பிரிச்சுப் பாத்திருந்தா..."

"பேர் போட்டு வந்த கவரை நான் பிரிக்கறதில்ல. நீங்க பிரிப்பீங்களா?"

"மாட்டேன்," என்றார் அடைமொழியார். அந்தக் குரல் மேல் அவருக்கு அந்த நொடியில் தனி மரியாதை வந்துவிட்டது. "பதவியப் போட்டிருந்தா?"

"மொத நாளே போய்ச் சேந்திருக்கும். ஆய்வுப் பிரிவுத் தலைவர்னு போட்டு, பேரே போடாம விட்டிருந்தாகூடச் சேந்திருக்கும். நாற்காலி ஒண்ணுதானே இருக்கு. பதவி கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாக்கூட, எந்தப் பிரிவுன்னு பாத்து அந்த மேஜைக்குக் குடுத்துடுவேன். பதவியும் இல்லாம, ஊகத்துல திரு, திருமதி போட்டு வந்தாத்தான் எனக்குத் தலைவலி."

கண்காணிப்பாளர் அம்மாள் முதல் நாளே சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப அவங்களுக்கு..." என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை. "அவங்களுக்கு எப்படி எழுதினாச் சரியா இருக்குங்க?"

"முழுப்பேரு. அதுக்குக் கீழ பதவி. அவ்வளவுதான். டாக்டர் பட்டம் இருக்கு, போட வேணாம்னுவாங்க. ஆராய்ச்சில வாங்குனது. டாக்டர்னு போட்டா ஜனங்க மருந்து கேட்டு லெட்டர் எழுதறாங்களாம். திருவும் வேணாம், திருமதியும் வேணாம். உள்ள 'வணக்கம்'னு ஆரம்பிச்சுடுங்க."

"ஒண்ணுமே போட வேணாமா?"

"ஒண்ணுமே வேணாம். அவங்க இஷ்டம் அது."

அடைமொழியாருக்குக் கையில் இருந்த பேனா சும்மா நின்றது. எல்லா அடைமொழியும் தெரிந்தவருக்கு, ஒன்றும் வேண்டாம் என்பதற்கு நோட்டில் ஒரு பத்தி இல்லை. "அப்ப அவங்க ஆணா..." என்று தொடங்கினார்.

"கவர் எழுத அது வேணுமா?"

யோசித்தார். "வேணாம்," என்றார்.

"சரி. இப்ப நீங்க சொல்லுங்க. பதில் கண்காணிப்பாளருக்கு வரும். கவனத்துக்குன்னு உங்க பேரப் போடறேன், இன்னொரு தடவை அலையக் கூடாது. உங்க பேரு என்ன, முன்னால என்ன போடட்டும்?"

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

இந்த அறைக்கு ஒரு நாளைக்கு எண்பது தபால் வரும். ஒன்றுகூட அவருக்கு வந்ததில்லை. போகும் கடிதத்தில் 'கண்காணிப்பாளருக்காக' என்று ஒரு சுருக்கக் கையெழுத்து போடுவார், அதோடு சரி. ஊரார் பெயருக்கெல்லாம் கிரீடம் வைத்தவருக்குத் தன் பெயருக்கு என்ன வைப்பது என்று தெரியவில்லை. அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயரைச் சொன்னார். "முன்னால ஒண்ணும் வேணாங்க," என்றார்.

போனை வைத்த பிறகுதான் அந்தக் குரலுக்குரியவர் பெயரைக் கேட்கவில்லை என்று உறைத்தது. உடனே மறுபடி போன் செய்து கேட்டார். ஒரு தடவை வாய் திறந்தால் அப்படித்தான். அடுத்த இரண்டு நாளில் நோட்டை வைத்துக்கொண்டு பதினாறு பேருக்குப் போன் செய்து, "உங்களுக்கு எப்படி எழுதட்டும்" என்று கேட்டுவிட்டார். ஓய்வு பெற்ற நீதிபதி, 'முன்னாள்' என்று போட்டால் தனக்குக் கோபமே இல்லை என்றும், கோபம் தன் மனைவிக்குத்தான் என்றும் சொன்னார். ஆஸ்பத்திரியின் தொலைபேசி ரசீது கண்காணிப்பாளர் அம்மாள் மேஜைக்குப் போகுமுன் அவர் அடங்கிவிட்டது நல்லதாயிற்று.

மூன்றாவது கடிதம் முதல் போன் செய்த அன்று மாலையே பதிவுத் தபாலில் போனது. ஆறாம் நாள் பதில் வந்தது. வருகைத் தேதி குறித்திருந்தது. உறையின் மேல், கண்காணிப்பாளர் பதவிக்குக் கீழே, 'கவனத்துக்கு' என்று போட்டு அவருடைய முழுப்பெயர் இருந்தது. முன்னால் ஒன்றும் இல்லை. வரவுப் பதிவேட்டில் 'யாருக்கு' என்ற கட்டத்தில் அவர் தன் பெயரை எழுதினார். பழக்கமில்லாததால் எழுத்து கொஞ்சம் கோணியது. அழித்து எழுதலாமா என்று பார்த்து, அப்படியே விட்டுவிட்டார்.

குறித்த நாளில் ஆய்வுப் பிரிவுத் தலைவர் வந்து, தண்ணீர் எந்திரத்தின் குழாய் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, நாலு இடத்தில் மாதிரி எடுத்து, இரண்டு மணி நேரத்தில் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று அடைமொழியார் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரியே அவரைச் சூழ்ந்துகொண்டு, வந்துபோனவர் ஆணா பெண்ணா என்று சொல்லவா என்று சீண்டியது. "எனக்கு வேணாம்பா, கவர் எழுதி முடிச்சாச்சு," என்று அவர் அறைக்குள் போய்விட்டார். அதனால் நமக்கும் தெரியாது.

அறை தொடங்குவதற்கு முந்தின நாள், கட்டில் தலைமாட்டில் மாட்டும் அட்டைகளை எழுதச் சொல்லி அவரிடம் கொடுத்தார்கள். அச்சடித்த அட்டை. 'திரு / திருமதி / செல்வி' என்று மூன்றையும் போட்டு, தேவையில்லாததை அடிக்கச் சொல்லியிருந்தது. முன்பென்றால் பட்டியலைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் எழுதித் தள்ளியிருப்பார். இப்போது எட்டு நோயாளிகளில் ஏழு பேருக்குப் போன் போட்டார். ஒருவர் லாரி ஓட்டியவர், 'டிரைவர்' என்று போடச் சொன்னார், வண்டியை விற்றுவிட்டாலும் அது போகாது என்றார். கல்லூரிப் பெண் ஒருத்தி, செல்வி என்று போட்டால் பள்ளிக்கூட மார்க் ஷீட் மாதிரி இருக்கிறது, வெறும் பெயரே போதும் என்றாள்.

எட்டாவது அட்டை மேஜையில் மிச்சம் இருந்தது. அதற்குப் போன் தேவையில்லை. அன்று சாயங்காலம் அதை வீட்டுக்கு எடுத்து வந்தார். மனைவி தையல் மெஷினில் யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அட்டையை மேஜையில் வைத்து, பழக்க தோஷத்தில் 'திரு'வையும் 'செல்வி'யையும் அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"அக்கா, உனக்கு எப்படி எழுதட்டும்?"

அக்கா கேலியாக ஏதோ சொல்லத்தான் நிமிர்ந்தார். அதை விட்டுவிட்டுக் கையில் இருந்த கீரைக் காம்பை ஒடித்து ஒடித்துச் சிறிதாக்கினார்.

"திருமதி வேணாம்டா," என்றார்.

அறையில் தையல் மெஷின் நின்றுவிட்டது.

"அவரு போயி முப்பத்தொரு வருஷம் ஆச்சு. இருக்காரா இல்லையான்னுகூடத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் நீ அழகா எழுதிக் குடுப்ப, திருமதின்னு. அதப் பாக்கும்போதெல்லாம் அவரு வாசல்ல வந்து நின்னுட்டுப் போற மாதிரி இருக்கும். அதுக்கு அந்த மூணாம் நம்பரே தேவலைன்னு தோணியிருக்கு."

அடைமொழியார் மனதுக்குள் கணக்குப் போட்டார். முப்பத்தொரு வருடம். எத்தனை மனு, எத்தனை உறை. ஊரில் யார் எதற்குக் கோபித்துக்கொள்வார்கள் என்று நோட்டு போட்டு வைத்திருந்தார். முன்னறையில் இருந்தவருக்கு அதில் ஒரு வரி இல்லை.

"ஏன்க்கா ஒரு தடவைகூடச் சொல்லல?"

"நீ கேக்கலையே," என்றார் அக்கா. குரலில் குற்றம் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் அட்டையில் மூன்று சொல்லையும் ஸ்கேல் வைத்து நேராக அடித்தார். கீழே அக்காவின் பெயரை, முதலெழுத்தோடு, தனக்குத் தெரிந்த அழகான எழுத்தில் எழுதினார். மை காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தார். அக்கா வாங்கிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பிழை தேடுகிறவர் மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரியா இருக்கு," என்றார். மடித்து வைக்கவில்லை, ஜன்னலில் சாய்த்து வைத்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பஸ்ஸில் ஏறாமல் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புது அறையின் வாசலில் ஒரு நர்ஸ் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். டிரைவர் முதலில் போனார். பிறகு அக்காவின் பெயரை, பெயராகவே, உரக்கக் கூப்பிட்டார். நாலு வருடப் பழக்கத்தில் அக்கா அது வேறு யாரோ என்று சும்மா உட்கார்ந்திருந்தார். தம்பி தோளைத் தொட்டார். "உள்ளேன்," என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து உள்ளே போனார் அக்கா.